12:30 எப்படி 13:36 ஆனது: சாம்பிள் ரேட் பொருந்தாத ஆடியோவைக் கண்டறிவது

கேள்வி: ஒரு நேர்காணலை டிஜிட்டல் மிக்சரிலிருந்து இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினியில் 24 பிட் வேவ் கோப்பாகப் பதிவு செய்தேன். பக்கத்தில் கேமராவும் ஓடியது. பதிவான அன்று அங்கேயே போட்டுக் கேட்டபோது நன்றாக இருந்தது. வீட்டுக் கணினியில் போட்டால் எல்லோருடைய குரலும் கனமாக, இழுத்து இழுத்துக் கேட்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் கைதட்டி வைத்த ஒரு பகுதி வீடியோவில் 12 நிமிடம் 30 நொடி. ஆடியோவில் அதே பகுதி 13 நிமிடம் 36 நொடி. கோப்பு 44100 என்று காட்டியதால் 48000-க்கு மாற்றியும் பார்த்தேன், எந்த வித்தியாசமும் இல்லை. பதிவு கெட்டுவிட்டதா? எங்கே தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

பதிவு கெடவில்லை. முழுதாக மீட்டுவிடலாம், தரத்தில் ஒரு துளிகூடக் குறையாமல். நீங்கள் கொடுத்திருக்கும் இரண்டு நேரங்களே போதும், நோய் என்னவென்று சொல்லிவிட. கைதட்டி வைத்தது மிக நல்ல காரியம். பலர் அதைச் செய்வதில்லை, அதனால்தான் மணிக்கணக்கில் தடவிக்கொண்டிருப்பார்கள்.

12:30 என்பது 750 நொடி. 13:36 என்பது 816 நொடி. 816-ஐ 750-ஆல் வகுத்தால் 1.088 வருகிறது. இப்போது 48000-ஐ 44100-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.0884. இரண்டும் ஒன்றே. அதாவது, நொடிக்கு 48000 சாம்பிள் என்ற கணக்கில் பதிவான ஒலியின் மேல் நொடிக்கு 44100 என்று சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. இதை எப்படி உறுதிசெய்வது, ஏன் அன்று நன்றாகக் கேட்டது, ஏன் மாற்றியும் பலனில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் செய்த மாற்றம் ஏன் வேலை செய்யவில்லை என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் விஷயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு வேவ் கோப்பில் இருப்பது வரிசையாக அடுக்கிய எண்கள். ஒவ்வோர் எண்ணும் அந்தக் கணத்தில் ஒலி அலை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைச் சொல்கிறது. அந்த எண்களுக்குள் நேரம் என்று எதுவும் கிடையாது. நேரத்தைச் சொல்வது கோப்பின் தலைப்பில் இருக்கும் ஒரே ஓர் எண்தான்: நொடிக்கு இத்தனை எண்களை வாசி. அதைத்தான் சீட்டு என்கிறேன். சீட்டு 44100 என்று சொன்னால் எந்தப் பிளேயரும் அதை அப்படியே நம்பி நொடிக்கு 44100 எண்களை ஓட்டும். உண்மையில் ஒரு நொடிக்குள் 48000 எண்கள் பதிவாகியிருந்தால், அந்த ஒரு நொடிப் பேச்சு முடிய 1.088 நொடி ஆகும். பேச்சு மெதுவாகும், அலைகளும் அகலமாகிவிடுவதால் சுருதியும் சேர்ந்து இறங்கும்.

சாம்பிள் ரேட்டை மாற்றுவது என்று மென்பொருள்களில் சொல்லப்படுவது இரண்டு வேறு வேலைகள். ஒன்று, எண்களைத் தொடாமல் சீட்டை மட்டும் மாற்றி எழுதுவது. மற்றொன்று, இருக்கும் சீட்டை உண்மை என்று எடுத்துக்கொண்டு, அதே ஒலி அதே நீளத்தில் கேட்கும்படி புதிய எண்களைக் கணக்கிட்டு எழுதுவது. இதைத்தான் ரீசாம்பிளிங் என்பார்கள். நீங்கள் செய்தது இரண்டாவது. தவறான சீட்டை மென்பொருள் நம்பியது. மெதுவாக ஓடும் 816 நொடி ஒலியை, அதே மெதுவில், 48000 என்ற வடிவத்தில் மிகத் துல்லியமாக எழுதிக் கொடுத்தது. அதன் வேலையை அது சரியாகவே செய்தது. வீடியோ எடிட்டிங் மென்பொருளில் கோப்பைப் போடும்போதும் இதே கதைதான்: புராஜெக்ட் 48000-ஆக இருந்தால் அது தானாகவே பின்னணியில் ரீசாம்பிள் செய்துகொள்ளும், குரல் மெதுவாகவே இருக்கும்.

சரி, கண்டறியும் வேலைக்கு வருவோம். நான் எப்போதும் காதிலிருந்து தொடங்குவேன். வேகம் மாறியிருக்கிறதா, சுருதியும் கூடவே மாறியிருக்கிறதா? சாம்பிள் ரேட் தவறு என்றால் இரண்டும் ஒரே அளவில், ஒரே திசையில் மாறும். ஒன்று மாறி மற்றொன்று மாறாமல் இருக்கவே முடியாது. பேச்சு மெதுவாக இருக்கிறது, ஆனால் குரல் அவருடைய இயல்பான குரலாகவே இருக்கிறது என்றால், பிளேயரிலோ எடிட்டிங் மென்பொருளிலோ வேகத்தை மாற்றும் வசதி எங்கோ இயங்கிக்கொண்டிருக்கிறது. அது வேறு பிரச்சினை, சாம்பிள் ரேட்டைத் தொடவே வேண்டாம். 44100-க்கும் 48000-க்கும் இடையிலான குழப்பத்தில் சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் நகரும். பாடுபவர்கள் கணக்கில் சொன்னால் முக்கால் கட்டை அளவு. தெரிந்தவர் குரலென்றால் உடனே உறுத்தும். முன்பின் கேட்டிராத ஒருவரின் குரலில் இது தெரியாமலே போகலாம். களைப்பாகப் பேசுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுவோம். அதனால் காது ஒரு சந்தேகத்தை எழுப்ப உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது.

தீர்ப்புச் சொல்வது விகிதம். உண்மையான நீளம் தெரிந்த ஏதாவது ஒரு பகுதியை எடுத்து, கோப்பில் அது எவ்வளவு நீளமாகத் தெரிகிறது என்று அளந்து வகுக்க வேண்டும். பகுதி நீளமாக இருக்க இருக்க நல்லது. 5 நொடிப் பகுதியை எடுத்துக்கொண்டு இரு முனைகளிலும் பத்தில் ஒரு நொடி பிசகினால், விடை 4 சதவீதம் வரை தப்பாகிவிடும். உங்கள் 750 நொடியில் முழுதாக ஒரு நொடி பிசகினாலும் 0.13 சதவீதம்தான் மாறும். அதனால் உங்கள் 1.088 நம்பத் தகுந்தது.

வகுத்து வரும் எண் எந்த வகை என்று பாருங்கள். 1.088 என்றால் நீங்கள் பார்த்த ஜோடிதான்: 48000-ஆகப் பதிவானது 44100 என்று வாசிக்கப்படுகிறது. 0.919 என்றால் அதன் தலைகீழ். பேச்சு வேகமாக, குரல் மெல்லியதாகக் கேட்கும். 3 அல்லது மூன்றில் ஒன்று என்றால் 16000-க்கும் 48000-க்கும் இடையே குழப்பம். புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைப் பயன்படுத்தும் இடங்களில் இதைப் பார்க்கலாம், ஏனென்றால் மைக் இயங்கத் தொடங்கியதும் பல ஹெட்செட்டுகள் 16000 அல்லது 8000-க்கு இறங்கிவிடும். 8000 என்றால் விகிதம் 6.

சரியாக 2 என்றோ பாதி என்றோ வந்தால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். 48000-க்கும் 96000-க்கும் நடுவே தவறு நடந்திருக்கலாம்தான், ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது சேனல் எண்ணிக்கையை. ஸ்டீரியோவில் இடது, வலது, இடது, வலது என்று எண்கள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். அதை மோனோ என்று வாசித்தால் எல்லாம் இரண்டு மடங்கு நீண்டு, சுருதி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். மோனோவை ஸ்டீரியோ என்று வாசித்தால் பாதி நேரத்தில் முடிந்துவிடும். தலைப்பே இல்லாத கச்சா ஆடியோவைத் திறக்கும்போது இது அடிக்கடி நடக்கும். சாம்பிள் ரேட்டை மாற்றினாலும் வேகம் சரியாகிவிடும் என்பதால் பலர் உண்மைக் காரணத்தைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். இடது வலது இரண்டும் ஒன்றாகக் கலந்து கரகரப்பு மட்டும் மிஞ்சும்.

1.043-க்குப் பக்கத்தில் வந்தால் அது சாம்பிள் ரேட் சங்கதியே இல்லை. 25-ஐ 23.976-ஆல் வகுத்தால் வருவது அது, நொடிக்கு 23.976 பிரேம் ஓடவேண்டிய படத்தை யாரோ 25-க்கு ஏற்றியிருக்கிறார்கள், அல்லது திருப்பிச் செய்திருக்கிறார்கள். 1.001 வந்தாலும் பிரேம் ரேட் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கைதட்டலும் இல்லை, வீடியோவும் இல்லை என்றால்? பதிவுக்குள்ளேயே பெரும்பாலும் ஒரு மணி ஒளிந்திருக்கும், அது மின்சாரத்தின் ரீங்காரம். சுத்தமாகப் பதிவு செய்திருந்தாலும் அடியில் 50 ஹெர்ட்ஸ் அல்லது அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ் பெரும்பாலும் மெலிதாக இருக்கும். யாரும் பேசாத ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் பாருங்கள். 50-இல் இருக்க வேண்டிய முகடு 45.9-இல் நின்றால் பதிவு உங்களுடையதைப் போல மெதுவாக ஓடுகிறது, 54.4-இல் நின்றால் வேகமாக ஓடுகிறது. ஒரு எச்சரிக்கை: 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் பதிவானது மெதுவாக ஓடினால் முகடு 55.1-இல் வரும். 54.4-உம் 55.1-உம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், எந்த நாட்டில் பதிவானது என்பதை உறுதிசெய்யாமல் திசையை முடிவுசெய்யாதீர்கள். இவ்வளவு நுணுக்கமாக அளக்க வரைபடத்தின் சாளர அளவைப் பெரிதாக வைக்க வேண்டும். 1024 என்று இருந்தால் வரைபடத்தின் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 40 ஹெர்ட்ஸுக்கு மேல் இடைவெளி விழும், ஒன்றும் தெரியாது. 65536 வைத்தால் ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவாகப் பிரித்துக் காட்டும்.

அடுத்த கேள்வி: தவறு கோப்பிலா, ஓட்டும் கருவியிலா? இதற்கு எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு, கைக்கடிகாரம் போதும். பிளேயரின் நேரம் காட்டும் எண் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். இதுவரை எத்தனை எண்களை ஓட்டியிருக்கிறது என்பதைச் சீட்டில் உள்ள ரேட்டால் வகுத்துக் காட்டுகிறது. அதனால் பிளேயர் 60 நொடி ஓடியதாகக் காட்டும்போது கைக்கடிகாரத்திலும் 60 நொடி ஆகியிருந்தால், ஒலி அட்டை சீட்டில் சொன்ன ரேட்டில்தான் ஓடுகிறது. அப்படியும் குரல் தவறாகக் கேட்டால் சீட்டே தவறு, அதாவது குற்றம் கோப்பில். மாறாக, பிளேயர் 60 காட்டும்போது கடிகாரத்தில் 55 நொடிதான் ஆகியிருக்கிறது என்றால், பிளேயர் 44100 என்று நினைத்துக் கொடுப்பதை ஒலி அட்டை 48000 வேகத்தில் விழுங்கிக்கொண்டிருக்கிறது. கோப்பில் குற்றமே இல்லை. கடிகாரம் 65 காட்டினால் அதன் தலைகீழ். வீடியோ பிளேயரில் இதைச் செய்தால் படமும் சேர்ந்து வேகமாகவோ மெதுவாகவோ ஓடும், ஏனென்றால் பெரும்பாலான பிளேயர்கள் ஒலியின் ஓட்டத்தை வைத்துத்தான் படத்தை நகர்த்துகின்றன. ஒரு நிமிடம் போதும், 5 நொடி வித்தியாசத்தைத் தவறவிட முடியாது.

குற்றம் ஒலி அட்டையில் என்று தெரிந்தால் கோப்பைத் தொடவே கூடாது. லினக்ஸில் அட்டை உண்மையில் எந்த ரேட்டில் திறக்கப்பட்டிருக்கிறது என்பதை, ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே, இப்படிப் பார்க்கலாம். அட்டையின் எண் உங்கள் கணினியில் வேறாக இருக்கலாம்:

```
cat /proc/asound/card0/pcm0p/sub0/hw_params
```

விண்டோஸில் அந்த ஸ்பீக்கரின் பண்புகளில் உள்ள இயல்பு வடிவமும், மேக்கில் `Audio MIDI Setup` காட்டும் ரேட்டும் அதே தகவல்தான். ஆனால் ஒன்று: இவை மூன்றும் காட்டுவது கணினி எந்த ரேட் என்று நினைக்கிறது என்பதை. எண்கள் ஓடும் வேகத்தை நிர்ணயிக்கும் கடிகாரத் துடிப்பை வெளியிலிருந்து வாங்கும் இன்டர்ஃபேஸில் உண்மை வேறாக இருக்கலாம். அங்கே கைக்கடிகாரம்தான் சாட்சி.

இந்த இடத்தில்தான் உங்கள் கதையின் விசித்திரமான பகுதி விளங்கும். டிஜிட்டல் மிக்சரிலிருந்து டிஜிட்டல் வயர் வழியாக ஒலி வரும்போது, இன்டர்ஃபேஸ் தன் சொந்தக் கடிகாரத்தை விட்டுவிட்டு மிக்சரின் கடிகாரத்தைப் பின்பற்றும்படி அமைத்திருப்பார்கள்; இல்லையென்றால் டிக் டிக்கென்று வெடிச்சத்தம் வரும். மிக்சர் 48000-இல் ஓடியிருக்கிறது. அதனால் இன்டர்ஃபேஸும் நொடிக்கு 48000 எண்களைக் கணினிக்கு அனுப்பியது. ஆனால் பதிவு மென்பொருளில் புராஜெக்ட் 44100 என்று திறந்திருந்தது. சில இன்டர்ஃபேஸ்களின் டிரைவர்கள் இந்த முரண்பாட்டைப் பார்த்து எச்சரிக்கும், அல்லது புராஜெக்ட் ரேட்டையே மாற்றிவிடும். சில ஒன்றும் சொல்லாது. மென்பொருள் வந்த எண்களை வரிசையாக எழுதிக்கொண்டு, தலைப்பில் தனக்குத் தெரிந்த 44100-ஐப் போட்டுவிட்டது.

அன்று அங்கேயே போட்டுக் கேட்டபோது ஏன் நன்றாக இருந்தது? இன்டர்ஃபேஸ் அப்போதும் மிக்சரின் கடிகாரத்தில், 48000 வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மென்பொருள் 44100 என்று நினைத்துக் கொடுத்த எண்களை அது நொடிக்கு 48000 வீதம் ஓட்டியது. பதிவில் நடந்த தவறும் ஓட்டியதில் நடந்த தவறும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. இந்த வகைத் தவறு அந்த இடத்தில் பிடிபடாததற்கு இதுதான் காரணம், பதிவு செய்தவரின் கவனக்குறைவு அல்ல. கோப்பு இடம் மாறி, சொந்தக் கடிகாரத்தில் ஓடும் இன்னொரு கணினிக்கு வந்ததும்தான் உண்மை வெளியே வருகிறது. ஆகவே கைக்கடிகாரச் சோதனையையும் பதிவான அதே அமைப்பில் மட்டும் செய்து முடிவெடுக்காதீர்கள். தனியாக நிற்கும் வேறொரு கணினியிலும் செய்யுங்கள்.

இதே தவறு வயரே இல்லாமலும் நடக்கும். நான் ஒருமுறை உலாவியில் இயங்கும் குரல் பதிவுப் பக்கம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். என் கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. பயன்படுத்தியவர்களில் சிலர் மட்டும் குரல் கனமாக வருகிறது என்றார்கள், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. வேவ் தலைப்பை எழுதும் இடத்தில் நான் 44100 என்று எண்ணாகவே போட்டிருந்தேன். உலாவியோ அவரவர் ஒலி அட்டையின் ரேட்டில் எண்களைத் தந்துகொண்டிருந்தது. 44100 அட்டை வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள், 48000 அட்டைக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். சிலருக்கு மட்டும் வரும் இந்தக் கோளாறு நிரலில் எண்ணாக எழுதிய ஒரு ரேட்டைத்தான் பெரும்பாலும் சுட்டும். திருத்தம் ஒரே வரி, கேட்டு வாங்கிய ரேட்டைத் தலைப்பில் எழுதுவது:

```
const rate = audioContext.sampleRate;
```

உங்கள் கோப்புக்குத் திரும்புவோம். மாற்றிய பிரதியை ஒதுக்கிவிட்டு அசல் கோப்பை எடுங்கள். முதலில் சீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்:

```
ffprobe -v error -select_streams a:0 \
  -show_entries stream=sample_rate,channels,bits_per_sample \
  -of default=nw=1 asal.wav
```

44100, 2 சேனல், 24 பிட் என்று வரவேண்டும். சேனல் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி இருந்தால் சீட்டை மாற்றலாம். எனக்குப் பிடித்தது `sox`, ஏனென்றால் இது பிட் அளவை அப்படியே வைத்துக்கொள்ளும்:

```
sox -r 48000 asal.wav sari.wav
```

உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னால் `-r 48000` வருவது முக்கியம். முன்னால் வந்தால், கோப்பின் தலைப்பு என்ன சொன்னாலும் இதை 48000 என்று வாசி என்று பொருள். ரேட்டை மீறுவதாக ஓர் எச்சரிக்கை வரி வரும், அதைத்தானே கேட்டோம். அதே எழுத்துகள் வெளியீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னால் வந்தால் அது ரீசாம்பிளிங்; பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். `ffmpeg` வைத்திருப்பவர்களுக்கு:

```
ffmpeg -i asal.wav -af asetrate=48000 -c:a pcm_s24le sari.wav
```

இங்கே `asetrate` சீட்டை மாற்றுகிறது. வழக்கமாக எல்லோரும் போடும் `-ar` ரீசாம்பிள் செய்யும். கடைசியில் `pcm_s24le` என்று போடாவிட்டால் வேவ் கோப்பை இது 16 பிட்டாக எழுதிவிடும், உங்கள் 24 பிட் பதிவில் 8 பிட் சத்தமில்லாமல் போய்விடும். ஆடாசிட்டியில் செய்வதென்றால், டிராக்கின் பெயரை அழுத்தினால் வரும் பட்டியலில் `Rate` என்பதன் கீழ் 48000-ஐத் தேர்ந்தெடுங்கள். அலைவடிவம் கண்ணெதிரே சுருங்கும். மேலே `Tracks` பட்டியலில் இருக்கும் `Resample` வேறு, அதை அழுத்த வேண்டாம்.

தலைப்பை நேரடியாக ஹெக்ஸ் எடிட்டரில் திருத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். எளிய வேவ் கோப்பில் 24-ஆவது பைட்டிலிருந்து நான்கு பைட்டுகள் சாம்பிள் ரேட்; 44100 என்றால் அங்கே `44 AC 00 00` இருக்கும், 48000 என்றால் `80 BB 00 00`. பார்ப்பதற்கு நல்லது, திருத்துவதற்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். பல பதிவு மென்பொருள்கள் முன்னால் வேறு தகவல்களைச் செருகுவதால் இடம் நகர்ந்திருக்கும், அடுத்த நான்கு பைட்டுகளில் உள்ள நொடிக்கு எத்தனை பைட் என்ற கணக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

புதிய கோப்பில் அந்தக் கைதட்டல்களை மறுபடி அளந்து பாருங்கள். 816 நொடி 750 ஆகியிருக்கும். முதல் கைதட்டலை வீடியோவோடு பொருத்திவிட்டு, கடைசிக் கைதட்டலுக்குப் போய் அதுவும் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் நிஜமான சோதனை; தொடக்கத்தில் பொருந்துவது எதையும் நிரூபிக்காது. எடிட்டிங் மென்பொருளில் வேகத்தை 108.84 சதவீதம் என்று ஏற்றிச் சரிக்கட்டுவதைச் சிலர் செய்வார்கள். சுருதியைக் காக்கும் வசதி அங்கே இயல்பாகவே இயங்கினால் வேகம் மட்டும் சரியாகி, குரல் கனமாகவே நின்றுவிடும். இரண்டையும் தனித்தனியாகத் திருத்தினாலும் குரலில் ஒரு செயற்கை நடுக்கம் ஏறும். சீட்டை மாற்றினால் ஓர் எண்கூட மாறுவதில்லை.

ஒருவேளை அசலை அழித்துவிட்டு, 48000-க்கு மாற்றிய பிரதி மட்டும்தான் இருக்கிறது என்றாலும் மனம் தளர வேண்டாம். அது இப்போது 48000 சீட்டோடு 1.0884 மடங்கு மெதுவாக ஓடுகிறது. அதனால் 48000-ஐ 48000-ஆல் பெருக்கி 44100-ஆல் வகுத்து வரும் 52245-ஐச் சீட்டாகக் கொடுத்து, பிறகு முறையாக 48000-க்கு ரீசாம்பிள் செய்ய வேண்டும்:

```
ffmpeg -i maatriyathu.wav \
  -af "asetrate=52245,aresample=48000" -c:a pcm_s24le meetpu.wav
```

52245 முழு எண்ணாகச் சீராக்கியது. அதனால் வரும் பிழை 40 நிமிடத்துக்கு 5 மில்லிநொடி, உதட்டசைவில் தெரியாது. எண்ணிக்கையைக் கூட்டிய மாற்றம் என்பதால் ஒலியிலும் சொல்லும்படி எதுவும் போயிருக்காது. குறைத்து மாற்றியிருந்தால் மேல்சுரங்களின் விளிம்பில் கொஞ்சம் போயிருக்கும், பேச்சுக்கு அதுவும் பெரிதில்லை. எம்பி3, ஏஏசி போன்றவற்றில் மட்டும் சீட்டை மட்டும் தனியாக மாற்றும் வழி எளிதல்ல. பிரித்து, ரேட்டைத் திருத்தி, மறுபடி சுருக்க வேண்டும், ஒரு தலைமுறைத் தரம் குறையும்.

இவ்வளவும் செய்தபின் கடைசிக் கைதட்டல் கொஞ்சமே கொஞ்சம் விலகி நின்றால், மறுபடி சாம்பிள் ரேட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். கேமராவும் மிக்சரும் தனித்தனிக் கடிகாரப் படிகங்களில் ஓடுகின்றன. இரண்டுமே 48000 என்று சொன்னாலும் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு வித்தியாசம் இருக்கும். 50 பங்கு வித்தியாசம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 0.18 நொடி. உங்கள் பன்னிரண்டரை நிமிடத்தில் அது 0.04 நொடிதான், ஒரு பிரேம் அளவு. நீண்ட பதிவென்றால், யாரும் பேசாத இடைவெளிகளில் வெட்டி ஒரு பிரேம் நகர்த்திக்கொண்டால் போதும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகியிருந்தால் அது வெறும் தாமதம், மொத்தமாக நகர்த்திவிடுங்கள்.

அடுத்த முறை பதிவுக்கு உட்காரும்போது, இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டுத் திரையில் கடிகாரம் வெளியிலிருந்து வருகிறதா, என்ன ரேட்டில் வருகிறது என்று பார்த்து, புராஜெக்ட்டையும் அதற்கே வையுங்கள். வீடியோவோடு சேரப்போவது என்றால் எல்லாமே 48000. பிறகு பதிவு பொத்தானை அழுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தில் ஒரு நிமிடம் பாருங்கள். அந்த அமைப்பில் காது பொய் சொல்லும் என்று மேலே பார்த்தோம், ஆனால் பதிவு மென்பொருளின் நேரக் கணக்கு பொய் சொல்லாது: கடிகாரத்தில் 60 நொடி ஆகும்போது திரையில் 65 என்று ஓடினால், அங்கேயே நிறுத்திப் புராஜெக்ட் ரேட்டை மாற்றுங்கள்.